காரோடு போனை இணைக்கும் வழி: அழைப்பு வந்தாலும் கை ஸ்டியரிங்கை விட்டுப் போகக் கூடாது

கேபிளைச் செருகினேன். காரின் திரையில் வரைபடம் வந்தது, பாட்டும் வந்தது. இனி கவலையில்லை என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பாதி வழியில் அண்ணன் கூப்பிட்டார். காரின் ஸ்பீக்கரில் மணி அடிக்கவில்லை, சட்டைப் பையில்தான் அடித்தது. என்னை அறியாமல் கை பைக்குள் போனது, போனை எடுத்துத் திரையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் முன்னால் போன வண்டி பிரேக் போட்டு நின்றிருந்தது. மயிரிழையில் தப்பினேன். பாட்டு வருகிற கேபிளில் அழைப்பு மட்டும் ஏன் வரவில்லை என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. காரணம் தெரிந்திருந்தால் அரை மணி நேர வேலைதான். புதிதாகக் கார் வாங்கியவர்கள், பழைய கார் வாங்கியவர்கள், வாடகைக் கார் எடுப்பவர்கள் எல்லோருக்கும் இது பயன்படும் என்று எழுதுகிறேன்.

1. முதலில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை

காரின் கையேட்டை எடுத்து வையுங்கள். அதில் ஆடியோ அல்லது போன் பகுதியில் மூன்று விஷயம் மட்டும் பார்த்தால் போதும்: கார் எத்தனை போன்களை நினைவில் வைத்துக்கொள்ளும், எந்த யூஎஸ்பி துளையில் போனைச் செருக வேண்டும், போனின் வரைபடத்தையும் பாட்டையும் காரின் திரையில் காட்டும் வசதி, அதாவது ஐபோனுக்குக் கார்ப்ளே, ஆண்ட்ராய்டுக்கு ஆண்ட்ராய்டு ஆட்டோ, கம்பியில்லாமல் ஓடுமா, அல்லது கேபிள் கட்டாயமா. பல கார்களில் சில மாடல்களுக்கு ஒன்று, சில மாடல்களுக்கு இன்னொன்று என்று இருக்கும். விற்றவர் சொன்னதை நம்பாமல் கையேட்டில் பாருங்கள்.

காசு செலவு என்று பார்த்தால் ஒரு நல்ல கேபிள்தான். ப்ளூடூத் மட்டும் போதும் என்றால் அதுவும் வேண்டாம். நேரம்தான் முக்கியம். வண்டியை நிறுத்தி, கைப் பிரேக் போட்டு, முழுதாக அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் செய்ய வேண்டாம். பெரும்பாலான கார்கள் வண்டி நகரும்போது புதுப் போனைச் சேர்க்கவே விடாது, அது நல்லதுக்குத்தான். மூடிய கராஜில் இன்ஜினை ஓடவிட்டு உட்கார வேண்டாம், புகை ஆபத்து. வெளியில் நிறுத்திச் செய்யுங்கள்.

இணைப்பைச் சோதிக்க இன்னொருவர் வேண்டும். வேறோர் இடத்தில் இருந்து உங்களைக் கூப்பிட்டு, குரல் எப்படிக் கேட்கிறது என்று சொல்ல ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நான் செய்யாமல் விட்டது இதைத்தான்.

2. பழையதை அழித்துவிட்டுத் தொடங்குங்கள்

என் கார் ஏற்கெனவே ஒருவர் ஓட்டியது. காரின் ப்ளூடூத் பட்டியலைத் திறந்து பார்த்தபோது யார் யாருடைய போன்களோ இருந்தன, இடம் நிரம்பியிருந்தது. நான் என் போனைச் சேர்க்க முயன்றபோது போன் 'சேர்ந்துவிட்டது' என்றது, ஆனால் காரின் பட்டியலில் என் போன் இல்லை. ஒரு பக்கம் பதிவு இருக்கிறது, மறுபக்கம் இல்லை. இந்த அரைகுறை நிலையில்தான் போன் திரும்பத் திரும்ப இணைய முயன்று தோற்கும். நம் கண்ணுக்கு 'சில நேரம் இணைகிறது, சில நேரம் இல்லை' என்று தெரியும்.

அதனால் முதல் வேலை இரண்டு பக்கமும் அழிப்பது. காரில் ப்ளூடூத் பட்டியலுக்குப் போய், உங்கள் வீட்டில் யாருடையதும் இல்லாத போன்களை எல்லாம் நீக்குங்கள். உங்கள் போனின் பெயர் ஏற்கெனவே இருந்தால் அதையும் நீக்குங்கள். அப்புறம் போனில் ப்ளூடூத் அமைப்புக்குப் போய்க் காரின் பெயரை நீக்குங்கள். ஐபோனில் காரின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள i குறியைத் தொட்டால் Forget This Device என்று வரும். ஆண்ட்ராய்டில் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பற்சக்கரக் குறியைத் தொட்டால் Forget அல்லது Unpair என்று இருக்கும். பிறகு போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள், காரையும் அணைத்து, கதவைத் திறந்து மூடி, சில நிமிடம் விட்டுவிட்டு மறுபடி போடுங்கள். நிறையக் கார்களில் சாவியைத் திருப்பியதும் திரை உடனே அணையாது, கதவைத் திறந்த பிறகுதான் முழுதாக உறங்கும்.

ஒரு பக்கம் மட்டும் அழித்துவிட்டு மறுபடி சேர்ப்பதுதான் எல்லோரும் விழும் குழி. நானும் இரண்டு நாள் அதில்தான் கிடந்தேன்.

3. ப்ளூடூத்தில் சேர்ப்பது

காரில் 'புதுச் சாதனம் சேர்' என்பதைத் தொட்டுவிட்டு, போனில் ப்ளூடூத் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருங்கள். அந்தப் பக்கம் திறந்திருக்கும்போதுதான் போன் மற்றவற்றின் கண்ணுக்குத் தெரியும். காரின் பெயர் வந்ததும் தொடுங்கள். இரண்டு திரையிலும் ஓர் ஆறு இலக்க எண் வரும். இரண்டும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டு இரண்டிலும் சரி கொடுங்கள். சில கார்கள் சில நொடிகளுக்குமேல் காத்திருக்காது, அதனால் ஒன்றில் கொடுத்துவிட்டு மற்றதை மறந்துவிட வேண்டாம். பழைய கார்களில் எண் ஒப்பீடு இருக்காது, போனில் ஒரு கடவெண் கேட்கும். பெரும்பாலும் 0000 அல்லது 1234. இரண்டும் இல்லையென்றால் கையேட்டில் இருக்கும்.

இதற்கு அடுத்து வரும் கேள்வியில்தான் பலர் அவசரப்பட்டு வேண்டாம் என்று தொட்டுவிடுகிறார்கள்: தொடர்புகளையும் அழைப்புப் பட்டியலையும் காருக்குக் கொடுக்கட்டுமா என்று போன் கேட்கும். அது உங்கள் சொந்தக் கார் என்றால் கொடுங்கள். கொடுக்காவிட்டால் கூப்பிடுவது யார் என்று காரில் பெயர் வராது, எண் மட்டும்தான் வரும். யார் என்று பார்க்கக் கண் போனுக்குப் போகும். ஏற்கெனவே மறுத்திருந்தால் ஐபோனில் அதே i குறிக்குள் Sync Contacts என்று இருக்கும், ஆண்ட்ராய்டில் அதே பற்சக்கரத்துக்குள் தொடர்புகளைப் பகிரும் பொத்தான் இருக்கும். பெயர்கள் முழுதாகக் காருக்குப் போய்ச் சேரச் சில நிமிடம் ஆகலாம். ஆயிரக்கணக்கில் எண்கள் வைத்திருந்தால் இன்னும் கூட ஆகும், பதற வேண்டாம்.

இன்னொன்று. ப்ளூடூத் என்பது ஒரே குழாய் இல்லை. அழைப்புக்கு ஒரு வழி, பாட்டுக்கு வேறு வழி, தொடர்புகளுக்கு வேறு வழி. போனின் ப்ளூடூத் அமைப்பில் காரின் பெயருக்குக் கீழே அழைப்பு, ஊடக ஒலி என்று தனித்தனிப் பொத்தான்கள் ஆண்ட்ராய்டில் தெரியும். பாட்டு வருகிறது, அழைப்பு வரவில்லை என்றால் முதலில் இங்கே பாருங்கள்.

4. கேபிளில் இணைப்பது

இந்த இடத்தில்தான் என் மூன்று நாள் போனது. ஆண்ட்ராய்டு ஆட்டோவில் கேபிளைச் செருகினாலும் அழைப்பின் குரல் கேபிளில் போவதில்லை. வரைபடம், பாட்டு, திரையில் தெரியும் படம் எல்லாம் கேபிளில் போகும். அழைப்பு மட்டும் ப்ளூடூத்தில்தான் போகும். அதனால் கேபிள் போட்டாயிற்றே என்று ப்ளூடூத்தை விட்டுவிட்டால், அல்லது என்னைப் போல அரைகுறையாகச் சேர்ந்திருந்தால், பாட்டு காரில் கேட்கும், அழைப்பு சட்டைப் பையில் அடிக்கும். ஐபோனில் கேபிள் வழிக் கார்ப்ளே வேறு மாதிரி, அங்கே அழைப்பின் குரலும் கேபிளிலேயே போய்விடும். ஒருவருக்கு ஐபோனில் சரியாக ஓடியது என்பதை வைத்து ஆண்ட்ராய்டுக்கும் அதே மாதிரி எதிர்பார்க்கக் கூடாது.

ஆகவே ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் முதலில் மேலே சொன்னபடி ப்ளூடூத்தில் சேர்த்து, ஓர் அழைப்பு செய்து பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு கேபிளைச் செருகுங்கள். இந்த வரிசையில் செய்தால் பிரச்சினை எந்தப் பக்கம் என்று உடனே தெரிந்துவிடும்.

கேபிளைப் பற்றி இரண்டு வார்த்தை. மின்சாரம் மட்டும் கடத்தும் கேபிள்கள் நிறைய இருக்கின்றன, பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. செருகினால் போன் சார்ஜ் ஆகும், காரின் திரையில் எதுவும் வராது. கண்டுபிடிக்க எளிய வழி, அதே கேபிளில் போனைக் கணினியோடு இணைத்துப் பாருங்கள். போனில் அனுமதி கொடுத்த பிறகு படங்களின் கோப்புறை கணினியில் தெரிந்தால் அந்தக் கேபிள் தரவையும் கடத்துகிறது. நீளம் ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும். நீள நீளமான கேபிளும், நடுவில் வைக்கும் ஒட்டுக் கருவிகளும்தான் மேடு பள்ளத்தில் இணைப்பு அறுபடுவதற்குப் பாதிக் காரணம்.

மீதிப் பாதிக் காரணம் போனின் துளைக்குள் இருக்கும் பஞ்சு. சட்டைப் பையில் இருந்து நூல் தூசு உள்ளே போய் அழுந்தி, கேபிள் முழுதாக உட்காராது. கேபிளைச் செருகினால் 'டக்' என்று உட்கார வேண்டும், லேசாக ஆட்டினால் இணைப்பு விட்டு விட்டு வந்தால் பஞ்சுதான். போனை அணைத்துவிட்டு மரப் பல்குத்தியால் மெதுவாக எடுங்கள். ஊசி, குண்டூசி எதுவும் வேண்டாம்.

காரில் யூஎஸ்பி துளை நாலைந்து இருந்தாலும் திரையோடு பேசுவது பெரும்பாலும் முன்பக்கத்தில் ஒன்றுதான். பின் இருக்கைத் துளைகள் சார்ஜுக்கு மட்டும். முதல் முறை செருகும்போது போனின் பூட்டைத் திறந்து வைத்திருங்கள், அனுமதி கேட்கும் பெட்டிகள் போனின் திரையில்தான் வரும். பூட்டியிருந்தால் அவை தெரியாமல் போய், காரில் ஒன்றும் நடக்கவில்லையே என்று நாம் உட்கார்ந்திருப்போம்.

கம்பியில்லாத கார்ப்ளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ இரண்டும் ப்ளூடூத்தில் அறிமுகம் ஆகி, பிறகு வைஃபைக்கு மாறிவிடும். போனில் வைஃபை அணைந்திருந்தால் இணையாது. இதில் போன் சூடாகும், பேட்டரி வேகமாக இறங்கும், தொலைதூரப் பயணத்துக்குக் கேபிளே நல்லது என்பது என் கருத்து.

5. நிறுத்திய வண்டியிலேயே அழைத்துப் பாருங்கள்

இப்போது சொல்லி வைத்தவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். போனைக் கையில் எடுக்காமல், ஸ்டியரிங்கில் உள்ள பொத்தானால் எடுங்கள். போனின் திரையைத் தொட்டு எடுத்தால் சில போன்களில் குரல் காருக்குப் போகாமல் போனிலேயே நின்றுவிடும். அப்படி நடந்தால் பழக்கத்தை மாற்றுவதுதான் நல்லது. ஐபோனில் அமைப்புகளில் Accessibility, அதற்குள் Touch, அதற்குள் Call Audio Routing என்ற இடம் Automatic என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

காதில் மாட்டும் ப்ளூடூத் கருவி பையிலோ பெட்டியிலோ திறந்து கிடந்தால் அதுவும் அழைப்பை இழுத்துக்கொள்ளும். அழைப்பு இணைந்துவிட்டது, காரிலும் சத்தமில்லை, போனிலும் சத்தமில்லை என்றால் முதலில் அதைத் தேடுங்கள். அதேபோல் கணவன், மனைவி இரண்டு பேர் போனும் காரில் சேர்ந்திருந்தால், யாருடையது முதலில் இணைய வேண்டும் என்று பல கார்களில் முன்னுரிமை வைக்கலாம். ஓட்டுபவர் போன் முதலில் இருக்கட்டும்.

சத்தம் குறைவாக இருந்தால் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒலிக் குமிழைத் திருப்புங்கள். அழைப்பின் ஒலியும் பாட்டின் ஒலியும் காரில் தனித்தனி. பாட்டு ஓடும்போது எவ்வளவு கூட்டினாலும் அழைப்பின் ஒலி ஏறாது.

எதிரொலி வந்தால், அது யாருக்குக் கேட்கிறது என்று கேளுங்கள். எதிர்முனையில் இருப்பவருக்கு அவர் குரலே திரும்பக் கேட்டால், காரணம் உங்கள் காரில் இருக்கிறது: ஸ்பீக்கரில் வரும் அவர் குரல் உங்கள் மைக்குக்குள் போகிறது. அழைப்பின் ஒலியைக் கொஞ்சம் குறைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். உங்களுக்கு உங்கள் குரலே திரும்பக் கேட்டால் குறை அவர் பக்கம், நீங்கள் காரில் என்ன மாற்றினாலும் சரியாகாது.

'காற்று அடிக்கிற மாதிரி இருக்கிறது, நீ சொல்வது கேட்கவில்லை' என்று அவர் சொன்னால் ஏசியைப் பாருங்கள். மைக் பெரும்பாலும் கூரையில், உள்ளே இருக்கும் விளக்குக்கு அருகில் சின்னச் சின்ன ஓட்டைகளாக இருக்கும், சில கார்களில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில். ஏசிக் காற்று அதன்மேல் நேராகப் படாமல் திருப்பி, விசிறியை ஒரு படி குறைத்தாலே குரல் தெளியும். சன்னல் திறந்திருந்தால் எந்தக் காராக இருந்தாலும் பேச முடியாது.

6. பெயர்களைச் சரிசெய்யுங்கள்

தமிழில் எண்களைச் சேமித்து வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். பல கார்களின் சொந்தத் திரையில் தமிழ் எழுத்துரு இல்லை. 'பெரியம்மா' என்று சேமித்திருந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும், அல்லது வெற்றாக இருக்கும். கார்ப்ளே, ஆண்ட்ராய்டு ஆட்டோவில் படத்தைப் போனே வரைந்து அனுப்புவதால் அங்கே தமிழ் சரியாக வரும். வெறும் ப்ளூடூத்தில் ஓட்டுபவர்கள் அடிக்கடி பேசும் பத்துப் பதினைந்து பேரின் பெயரையாவது ஆங்கில எழுத்தில் மாற்றி வைத்தால் நல்லது.

குரலில் கூப்பிடுவதற்கும் இதே சிக்கல். குரல் கட்டளையின் மொழி ஆங்கிலத்தில் இருந்தால் தமிழ் எழுத்தில் இருக்கும் பெயரை அது பிடிக்காது. 'குமார்' என்று நான்கு பேர் இருந்தால் எந்தக் குமார் என்று கேட்கும், திரையில் பட்டியல் வரும், கண் சாலையை விட்டுப் போகும். 'குமார் மெக்கானிக்', 'குமார் ஆபீஸ்' என்று பிரித்து வையுங்கள். ஒருவருக்கு இரண்டு எண் இருந்தால் ஒன்றை முதன்மை எண்ணாகக் குறித்துவிடுங்கள். நிறுத்திய வண்டியில் ஐந்து பெயரைச் சொல்லிப் பாருங்கள், ஐந்தும் ஒரே தடவையில் போக வேண்டும்.

7. சட்டம் எதைத் தடுக்கிறது

சாலைப் போக்குவரத்துக்கான 1968ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 8ஆம் பிரிவு, வண்டி நகரும்போது ஓட்டுநர் கையில் போனைப் பிடித்துப் பயன்படுத்துவதை உறுப்பு நாடுகளின் சட்டம் தடை செய்ய வேண்டும் என்கிறது. நாட்டுக்கு நாடு மாறுவது மற்ற விவரங்கள்தான், அந்த விவரங்களில்தான் மாட்டிக்கொள்வோம்.

முதலாவது, சிக்னலில் நிற்கும்போது. நின்றுதானே இருக்கிறோம் என்று போனை எடுப்பது பல நாடுகளில் குற்றம். பிரிட்டனில் 2022 மார்ச் மாதத்தில் இருந்து கையில் பிடித்துப் படம் எடுப்பது, பாட்டு மாற்றுவதும் கூடக் குற்றம், சிக்னலில் நின்றாலும் அதே சட்டம்தான். வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி நிறுத்தியிருந்தால்தான் நிறுத்தியதாகக் கணக்கு.

இரண்டாவது, இயர்போன். ஹேண்ட்ஸ் ஃப்ரீதானே என்று காதில் மாட்டிக்கொண்டு ஓட்டக் கூடாத நாடுகள் உண்டு, பிரான்சில் 2015 ஜூலையில் இருந்து ஓட்டும்போது இயர்போனுக்குத் தடை. காரின் ஸ்பீக்கரில் பேசுவதும் காதில் மாட்டிப் பேசுவதும் ஒன்றில்லை. மூன்றாவது, பழகுநர் உரிமத்தில் ஓட்டுபவர்களுக்குச் சில இடங்களில் ஹேண்ட்ஸ் ஃப்ரீயே கூடாது. நான்காவது, போன் தாங்கி. கண்ணாடியில் பார்வையை மறைக்கும் இடத்திலோ காற்றுப்பை விரியும் இடத்திலோ ஒட்டக் கூடாது. வாடகைக் காரில் வேறு நாட்டில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் இந்த நான்கையும் அந்த நாட்டின் போக்குவரத்துத் துறைப் பக்கத்தில் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

8. அழைப்பு வந்தால்

இவ்வளவு செய்த பிறகும் காரில் பேசுவது முழுப் பாதுகாப்பு ஆகிவிடாது. ஹேண்ட்ஸ் ஃப்ரீ பேச்சு கையில் பிடித்துப் பேசுவதைவிடப் பெரிதாகப் பாதுகாப்பானது இல்லை என்றுதான் உலகச் சுகாதார நிறுவனமும் சொல்கிறது. கை காலியாக இருந்தாலும் மனம் அங்கே இல்லை. அமெரிக்காவில் 2015இல் வெளியான, சாலைப் பாதுகாப்புக்கான ஏஏஏ அறக்கட்டளையின் ஆய்வில், குரல் கட்டளை கொடுத்து முடித்த பிறகும் கவனச் சிதறல் 27 நொடி வரை நீடிக்கலாம் என்று கண்டார்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் 27 நொடி என்பது 300 மீட்டர்.

நான் இப்போது வைத்திருக்கும் முறையைச் சொல்கிறேன். அழைப்பு வந்தால் ஸ்டியரிங் பொத்தானால் எடுத்து, 'வண்டி ஓட்டுகிறேன், நிறுத்திவிட்டுக் கூப்பிடுகிறேன்' என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிறேன். சந்திப்பு, வளைவு, மழை, வண்டிகள் வந்து சேரும் இடம் என்றால் எடுப்பதே இல்லை, அடித்து ஓயட்டும். போனில் ஓட்டும் நேரத்துக்கான அமைதி முறை இருக்கிறது. ஐபோனில் Focus என்பதில் Driving, அதைக் காரின் ப்ளூடூத் இணைந்ததும் தானாக வருமாறு வைக்கலாம், செய்தி அனுப்புபவருக்குத் தானாகப் பதிலும் போகும். பல ஆண்ட்ராய்டு போன்களிலும் இதேபோல் உண்டு. வீட்டில் இருப்பவர்களை மட்டும் விதிவிலக்காகச் சேர்த்துவிட்டால் அவசர அழைப்பு தவறாது.

போனைச் சட்டைப் பையில் இருந்து எடுத்து, கை எட்டாத பெட்டியில் வைத்துவிடுகிறேன். இணைப்பு அறுந்தால்கூட எடுக்க முடியாது.

9. காரைத் திருப்பிக் கொடுக்கும் முன்

வாடகைக் காரில் முடிந்தவரை தொடர்புகளைக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால், சாவியை ஒப்படைக்கும் முன் காரின் பட்டியலில் இருந்து உங்கள் போனை நீக்குங்கள், போனில் இருந்து காரை நீக்கினால் மட்டும் போதாது. உங்கள் காரை விற்கும்போது அமைப்புகளில் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பும் வசதி இருக்கும், அதைச் செய்யுங்கள். வழிகாட்டியில் சேமித்த வீட்டு முகவரியும் அதோடு போய்விடும். நான் வாங்கிய காரில் முந்தைய உரிமையாளரின் உறவினர் எண்கள் அத்தனையும் அப்படியே இருந்தன. அழித்துவிட்டேன்.